"எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்காதீர்கள்: பழைய ஸ்கூட்டர் வாங்கும்போது முதல் விலையைக் கையாள்வது

பழைய வண்டி பார்க்கப் போகிற பலரும் முதலில் கேட்கும் கேள்வி, "அண்ணே, இதுல எவ்வளவு குறைப்பீங்க?" என்பதுதான். பேரத்தை ஆரம்பித்துவிட்டோம் என்று கேட்டவருக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு சம்மதம் இருக்கிறது. விற்பவர் விளம்பரத்தில் போட்ட விலைதான் ஆரம்பப் புள்ளி, அதிலிருந்து எத்தனை ரூபாய் கீழே வரலாம் என்பது மட்டும்தான் இனிப் பேச்சு என்று நாமே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

மாட்டை முளை அடித்துக் கட்டினால் கயிறு எட்டுகிற தூரம் வரைதான் மேயும். பேரத்தில் முதலில் சொல்லப்படும் விலை அந்த முளை. பொருளாதாரமும் உளவியலும் படித்தவர்கள் இதை நங்கூரம் என்பார்கள். முளை எங்கே அடிக்கப்படுகிறதோ, கடைசி விலை அதைச் சுற்றியே முடியும். முதல் முறையாகப் பழைய இருசக்கர வாகனம் வாங்கப் போகிறவர் அந்த முளையை எப்படிப் பிடுங்கித் தன் பக்கம் நடுவது என்பதை, என் தங்கை மகனுக்கு ஸ்கூட்டர் வாங்கிய கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதலில், ஒரு எண்ணைக் காதில் கேட்டதும் நம் மதிப்பீடு ஏன் மாறுகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974-ல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றுவார்கள். அது 10-ல் அல்லது 65-ல் மட்டுமே நிற்கும்படி முன்பே அமைத்திருந்தார்கள். பிறகு, ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகளில் எத்தனை சதவீதம் ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் பதில்களில் நடு எண் 25. 65-ஐப் பார்த்தவர்களின் பதில்களில் 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தும் எண் இழுத்தது.

சரி, அது தெரியாத விஷயம். வண்டி விலை தெரிந்தவரிடம் இது பலிக்காது என்று நினைக்கலாம். ஜெர்மனியில் தாமஸ் முஸ்வைலரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான பதில். பத்து வருடம் ஓடிய ஓப்பல் கார் ஒன்றை மெக்கானிக்குகளிடமும் கார் வியாபாரிகளிடமும் கொண்டுபோய் விலை மதிப்பிடச் சொன்னார்கள். கேட்கும்போதே சிலரிடம் "2,800 மார்க் போகும்னு நினைக்கிறேன்" என்றும், சிலரிடம் "5,000 மார்க் போகும்னு நினைக்கிறேன்" என்றும் சொன்னார்கள். அதே கார்தான். ஆனால் 5,000 என்று கேட்டவர்கள் கணிசமாகக் கூடுதல் விலை சொன்னார்கள். தினமும் அதே வேலையைச் செய்கிறவர்கள் இவர்கள்.

பெரிய எண்ணைக் கேட்டதும் மனம் அதற்கு நியாயம் தேடுகிறது. பெயிண்ட் மங்கவில்லை, ஒரே கை ஓட்டிய வண்டி என்று நல்லதெல்லாம் கண்ணில் படும். சின்ன எண்ணைக் கேட்டால் சைலன்சரின் துருவும், கிழிந்த சீட்டும் தெரியும். ஆக, முதல் விலை பேரத்தை மட்டும் தொடுவதில்லை. வண்டியில் எதைப் பார்க்கிறோம் என்பதையே மாற்றிவிடுகிறது. அதே ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள். சொன்ன விலை ஏன் தவறாக இருக்கலாம் என்று காரணம் சொல்லச் சொன்னபோது அந்த இழுப்பு தெளிவாகக் குறைந்தது. கீழே நான் சொல்லப்போகிற முறைக்கெல்லாம் அடிப்படை இதுதான்.

கிளம்பும் முன் மூன்று எண்கள்

தங்கை மகன் பார்த்துவைத்தது 2019 மாடல், 110 சிசி ஸ்கூட்டர். முதல் ஓனர், 31,000 கிலோமீட்டர் ஓடியது. விளம்பரத்தில் 58,000 ரூபாய். அவன் என்னிடம் வந்தபோதே "55-க்குக் கேட்கலாமா மாமா?" என்றான். வண்டியை நேரில் பார்க்கும் முன்பே 58 அவன் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அதே மாடல், அதே வருடத்து வண்டிகளின் விளம்பரங்களைப் புரட்டினோம். 46,000-லிருந்து 60,000 வரை போட்டிருந்தார்கள். இதில் ஒரு கவனம் வேண்டும். விளம்பர விலை கேட்கும் விலை. விற்ற விலை இல்லை. அந்த எட்டுப் பத்து விளம்பரங்களும் எட்டுப் பத்து முளைகள். சராசரி எடுத்தால் நாமே நமக்கு முளை அடித்துக்கொள்வோம்.

விற்ற விலை தெரிந்தவர் மெக்கானிக். அவரிடம் கேட்கும் விதம் முக்கியம். "58 சொல்றாங்க, வொர்த்தா?" என்று கேட்டால் அவரும் ஓப்பல் காரைப் பார்த்த மெக்கானிக் போல ஆகிவிடுவார். விலையைச் சொல்லாமல், "2019 மாடல், சிங்கிள் ஓனர், முப்பதாயிரம் ஓடினது, செலவு இல்லாத கண்டிஷன்ல இருந்தா இப்ப என்ன விலைக்குக் கைமாறுது?" என்று கேளுங்கள். இரண்டு மெக்கானிக்குகளிடம் தனித்தனியாகக் கேட்டோம். 44-லிருந்து 48 வரை என்று வந்தது.

இதை நோட்டில் எழுதிக்கொண்டோம். செலவில்லாத வண்டி என்றால் குறைந்தது 44,000, நடுவில் 46,000, அதிகபட்சம் 48,000. வண்டியில் செய்ய வேண்டிய செலவை இந்த மூன்றிலிருந்தும் கழித்தால் நமக்கு வேண்டிய மூன்று எண்கள் கிடைக்கும். அடியில் இருப்பது நாம் முதலில் சொல்லப்போகும் விலை. நடுவில் இருப்பது நாம் முடிக்க விரும்பும் விலை. மேலே இருப்பது, அதைத் தாண்டினால் எழுந்து வந்துவிட வேண்டிய விலை. காகிதத்தில் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். மனதில் மட்டும் வைத்த வரம்பு, எதிரில் இருப்பவர் பேசப் பேச ஆயிரம் ஆயிரமாக நகர்ந்துவிடும்.

விலையைத் தொடாமல் வண்டியைப் பாருங்கள்

விற்பவர் ஐம்பது வயதைக் கடந்தவர், நல்ல மனிதர். போனதும், "தம்பி, 58 போட்டிருக்கேன், வண்டி அப்படியே ஷோரூம் கண்டிஷன்" என்றார். நான் அந்த எண்ணுக்குப் பதிலே சொல்லவில்லை. "வண்டியப் பாத்துடறோம்ணே" என்று மட்டும் சொன்னேன். அதிகம் என்றோ, பரவாயில்லை என்றோ சொன்னாலே பேச்சு 58-ஐச் சுற்றி ஆரம்பித்துவிடும்.

பிறகு பொறுமையாக, அவர் பார்க்கும்படியே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பின் டயரில் பட்டன் தேய்ந்து நடுவில் வழவழவென்று இருந்தது. செல்ஃப் அடித்தால் இரண்டு முறை முக்கிவிட்டு நின்றது; கிக்கரில்தான் ஸ்டார்ட் ஆனது. அப்படியென்றால் பேட்டரி போயிருக்கிறது. ஓட்டிப் பார்த்தபோது கிளம்பும்போது ஒரு உதறல், மேட்டில் இழுவை குறைவு. டிரைவ் பெல்ட்டும் ரோலரும் மாற்ற வேண்டும். இன்சூரன்ஸ் காலாவதியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆர்.சி.யில் கடன் பதிவு எதுவும் இல்லை. அது நல்ல விஷயம்.

செலவை அங்கேயே நோட்டில் எழுதினேன். பின் டயர் 1,700. பேட்டரி 1,500. பெல்ட், ரோலர், கூலி சேர்த்து 1,600. இன்சூரன்ஸ் 1,400. மொத்தம் 6,200. எங்கள் மூன்று எண்களும் தயார்: 37,800, 39,800, 41,800.

இந்த இடத்தில்தான் முளை இடம் மாறுகிறது. 58 ஏன் தவறு என்பதற்கான காரணங்கள் இப்போது நம் தலையில் மட்டும் இல்லை, விற்பவர் கண் முன்னாலும் இருக்கின்றன.

உங்கள் எண்ணைச் சொல்லும் விதம்

"58-ல எவ்வளவு குறைப்பீங்க" என்று மேலிருந்து இறங்காமல், கீழிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். நான் சொன்னது இதுதான்: "அண்ணே, செலவில்லாத வண்டி வெளிய 44-க்குக் கிடைக்குது. இதுல டயர், பேட்டரி, பெல்ட், இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து 6,200 ஆகுது. 37,800 தர்றேன்."

சந்தையில் 48 வரை போகிறதே, 44 என்று மட்டும் சொல்வது சரியா என்று தங்கை மகன் பிறகு கேட்டான். 44-க்கு வண்டி கிடைப்பது உண்மை. அதனால்தான் அதைச் சொன்னேன். இல்லாத விலையைச் சொல்லியிருந்தால் "எங்க, அந்த வண்டியக் காட்டுங்க" என்ற ஒரே கேள்வியில் எல்லாம் கலைந்துவிடும். முதல் விலை நமக்குச் சாதகமான ஓரத்தில் இருக்கலாம், ஆனால் வரம்புக்குள் இருக்க வேண்டும். 20,000 என்று கேட்டிருந்தால் அவர் அதை ஒரு விலையாகவே எடுத்திருக்க மாட்டார். "அடிமாட்டு விலைக்குக் கேக்கறாங்க" என்று வண்டியை மூடிவைத்துவிட்டுப் போயிருப்பார். காதில் விழாத எண் யாரையும் இழுக்காது.

37,800 என்பதில் அந்த 800-க்கும் வேலை இருக்கிறது. 38,000 அல்லது 35,000 என்ற உருண்டை எண் வாய்க்கு வந்ததைச் சொன்னது போல இருக்கும். எதிரில் இருப்பவர் அதைப் பெரிய அடி அடித்துத் தள்ளுவார். துல்லியமான எண், கணக்குப் போட்டுச் சொன்னது என்று தெரிவிக்கிறது. அவர் மறுக்க வேண்டுமானால் கணக்கின் ஏதாவது ஒரு வரியைத்தான் மறுக்க வேண்டும். ஆனால் கணக்கு நிஜமாகவே இருக்க வேண்டும். "ஏன் 37,800?" என்றால் நோட்டைத் திருப்பிக் காட்ட முடிய வேண்டும்.

ஒரு வரம்பாக, "38-லிருந்து 42 வரைக்கும் தரலாம்" என்று வாங்குபவர் சொன்னால் விற்பவர் காதில் 42 மட்டும்தான் விழும். ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். சொன்னபின் பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் "இல்லண்ணே, கொஞ்சம் முன்ன பின்ன பாத்துக்கலாம்" என்று தாங்களே தங்கள் முளையை ஆட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். என் முதல் வண்டியை வாங்கியபோது நான் அதைத்தான் செய்தேன். 30 என்று சொல்லி, அவர் வாய் திறக்கும் முன்பே 33 வரை பார்க்கலாம் என்றேன். 34-ல் முடிந்தது. அந்த மூவாயிரம் எனக்கு அப்போது ஒரு மாத வாடகை.

நடுவில் முடிக்கலாம் என்பதன் கணக்கு

நம் ஊரில் பெரும்பாலான பேரம் ஒரு வாக்கியத்தில் முடியும்: "எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம், நடுவுல முடிச்சுக்கலாம்." நியாயமாகவும் மரியாதையாகவும் கேட்கும். ஆனால் நடு எங்கே இருக்கும் என்பதை இரண்டு ஓரங்கள்தான் தீர்மானிக்கின்றன. 58-க்கு எதிராகத் தங்கை மகன் நினைத்த 55-ஐச் சொல்லியிருந்தால் நடு 56,500. 50 சொல்லியிருந்தால் 54,000. 37,800 என்றால் 47,900. பேச்சே நடக்கும் முன், பதில் எண் ஒன்றை வைத்தே எட்டாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது.

அதனால்தான் முதல் எண்ணைச் சொன்ன உடனே நடுவுக்குச் சம்மதிக்கக் கூடாது. 47,900-ம் எங்கள் 41,800-க்கு மேலேதான். எதிர்ப்பக்கத்து ஓரம் முதலில் கீழே வர வேண்டும்.

அவர் கோபப்பட்டார். "தம்பி, இது அநியாயம். 54 வெச்சுக்குங்க." நான் என் எண்ணை நகர்த்தவில்லை. நோட்டை அவர் பக்கம் திருப்பி, "இதுல எந்தச் செலவு அதிகமாப் போட்டிருக்கேன், சொல்லுங்கண்ணே, குறைச்சுக்கறேன்" என்றேன். டயர் இன்னும் ஆறு மாதம் ஓடும் என்றார். மற்றது எதையும் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, 50" என்றார். 58-லிருந்து இரண்டு பேச்சில் எட்டாயிரம் இறங்கியது ஏன் என்றால், 58-க்குப் பின்னால் கணக்கு எதுவும் இல்லை. பெரிய பெரிய அடியாக இறங்குகிறவரின் விலை இன்னும் இறங்கும் என்பதற்கு அதுவே அடையாளம்.

டயர் விஷயத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே டயர் செலவை முழுதாக விட்டுக்கொடுத்து 39,500 என்றேன். அவர் 46,000-க்கு வந்து, "நடுவுல முடிச்சுக்கலாம் தம்பி" என்றார். நடு 42,750, எங்கள் வரம்பைத் தாண்டியது. நோட்டில் எழுதியது இங்கேதான் உதவியது. "அண்ணே, 40,800 வரைக்கும் வர்றேன்" என்றேன். அவர் 43. நான், "41,500. இன்னைக்கே முழுப் பணம், பேர் மாத்தற செலவு என்னுது. இதுக்கு மேல வழியில்லண்ணே" என்று சொல்லி எழுந்தேன். உள்ளே போய் மனைவியிடம் பேசிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தார்.

எங்கள் படிகளைப் பாருங்கள்: 37,800, 39,500, 40,800, 41,500. ஏற்றம் 1,700, அப்புறம் 1,300, அப்புறம் 700. ஒவ்வொரு படியும் முந்தையதை விடச் சின்னது. இது எதிரில் இருப்பவருக்கு, இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறது. ஆயிரம், ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறினால் இன்னும் நிறைய இருக்கிறது என்று அர்த்தமாகும்.

நடுவில் விரும்பிய 39,800-ஐ விட 1,700 அதிகம் கொடுத்திருக்கிறோம். வரம்புக்குள் முடிந்தது, வண்டியும் நல்ல வண்டி. பேரத்தில் கண் எப்போதும் நம் நடு எண்ணில் இருக்க வேண்டும்; அவருடைய 58-லிருந்து எவ்வளவு குறைத்தோம் என்பதில் இருக்கக் கூடாது. ஆடம் கலின்ஸ்கியும் முஸ்வைலரும் 2001-ல் வெளியிட்ட ஆய்விலும் இதைக் காணலாம்: எதிர்ப்பக்கம் முதலில் விலை சொன்னாலும், தான் அடைய விரும்பும் விலையை மனதில் நிறுத்திக்கொண்டவர்களிடம் அந்த முதல் விலையின் இழுப்பு எடுபடவில்லை. 52-க்கு வாங்கியவர் "ஆறாயிரம் குறைச்சுட்டேன்" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பார். அந்த ஆறாயிரம் நிஜ விலையோடு ஒப்பிட்டது இல்லை, முளையோடு ஒப்பிட்டது.

விலை போடாத வண்டி, விலை மாறாத வண்டி

விளம்பரம் இல்லாமல், தெரிந்தவர் வீட்டு வண்டி என்றால் "நீங்களே ஒரு ரேட் சொல்லுங்க" என்பார்கள். மெக்கானிக்கிடம் கேட்டு, செலவுக் கணக்கும் போட்டுவிட்டீர்கள் என்றால் தயங்காமல் முதலில் சொல்லுங்கள். முளை அடிக்கும் வாய்ப்பு கையில் வந்திருக்கிறது. சந்தை விலையே தெரியாது என்றால் சொல்லாதீர்கள். தெரியாமல் சொல்லும் முதல் விலை நம்மையே கட்டிப்போடும். "பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டு, விசாரித்துவிட்டுப் போகலாம்.

ஃபிக்ஸட் ரேட் வைத்திருக்கும் பழைய வண்டிக் கடைகளில் இந்த முறை அவ்வளவாக எடுபடாது. அங்கே பேசுகிறவருக்கு விலையை மாற்றும் அதிகாரமே இருக்காது. அங்கே டயர், இன்சூரன்ஸ், சர்வீஸ் என்று பொருளாகக் கேட்பதுதான் வழி. அதேபோல, அதே வண்டியை வாங்க இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றாலும் உங்கள் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் விலை இறங்காது. விளம்பரம் போட்டு எத்தனை நாள் ஆனது என்று பாருங்கள். ஒரு மாதம் தாண்டிய விளம்பரம் என்றால் முளை தளர்ந்திருக்கிறது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையை வைத்து விரலைத் தொட்டு விலை பேசுவார்கள். பேசுகிற இருவரைத் தவிர யாருக்கும் எண் தெரியாது. அந்த மாட்டுக்குச் சொன்ன விலை, பக்கத்தில் நின்று அடுத்த மாட்டுக்குப் பேசப்போகிறவர் காதில் விழுந்து அவரை இழுத்துவிடக் கூடாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நீங்களும் நண்பர்கள் நாலு பேரோடு வண்டி பார்க்கப் போகாதீர்கள். யாராவது ஒருவர் "50-க்கு முடிச்சா நல்லதுடா" என்று வாய்விட்டால், உங்கள் மூன்று எண்களும் அங்கேயே முடிந்துவிடும்.

நீங்கள் விற்கும்போது

எல்லாம் அப்படியே தலைகீழ். மூன்று எண்களில் மேலே உள்ளதை, காரணத்தோடு, துல்லியமாக விளம்பரத்தில் போடுங்கள். புது டயர், புது பேட்டரி போட்டிருந்தால் பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன விலைக்கு வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் சரி என்று சொன்னால் குறைவாகச் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு விலையை ஏற்றுவது முறையில்லை. அடுத்த முறைக்கு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கடைசி வேலை: விலை முடிந்ததும் டோக்கன் அட்வான்ஸ் கைமாறும் முன்னால் ஒரு காகிதத்தில் வண்டி எண், முடிந்த விலை, கொடுத்த அட்வான்ஸ், பாக்கி, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பேர் மாற்றுவதற்கான படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து வாங்கி, ஆர்.சி. கைக்கு வந்த பிறகு பாக்கியைக் கொடுங்கள். கடன் பதிவு உள்ள வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் இல்லாமல் பாக்கிப் பணம் போகக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்த மறுநாள், "வேற ஒருத்தர் கூட ரெண்டாயிரம் தர்றேங்கறார்" என்று போன் வந்தால், புது எண்ணுக்குப் பதில் சொல்லாமல் அந்தக் காகிதத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள்.